தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் பேசுதல்

ஐஇஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம் நடக்கும். அதில் தமிழ் வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் மாற்றிப் பேசுபவர்கள் இரண்டு இடங்களில் மதிப்பெண் இழக்கிறார்கள்.

முதலாவது, இலக்கணம். “பத்து வருஷமாகச் சென்னையில் இருக்கிறேன்” என்பது, “ஐ ஆம் லிவிங் இன் சென்னை சின்ஸ் டென் இயர்ஸ்” என்று வந்துவிடுகிறது. தமிழில் இன்றும் தொடரும் செயலுக்கு நிகழ்காலமே போதும். ஆங்கிலத்தில் “ஐ ஹேவ் பீன் லிவிங் இன் சென்னை ஃபார் டென் இயர்ஸ்” என்றே சொல்ல வேண்டும். ‘சின்ஸ்’ தொடங்கிய ஆண்டுக்கும், ‘ஃபார்’ கால அளவுக்கும் உரியவை.

இரண்டாவது, சரளம். தமிழில் வினை கடைசியில் வருகிறது. ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்தே வருகிறது. மனத்துக்குள் தமிழ் வாக்கியம் முடியும்வரை ஆங்கில வினை கிடைக்காது. அதனால் “ஐ...” என்றதுமே பேச்சு நின்றுவிடுகிறது.

பேச்சைப் பதிவு செய்து கேட்டால் இது தெரியும். தடுமாற்றம் வாக்கியங்களுக்கு இடையே இல்லாமல் வினைக்கு முன்னால் இருந்தால், மொழிபெயர்ப்பே காரணமாக இருக்கலாம். “ஐ ஹேவ் பீன்... ஃபார்” போன்றவற்றை முழுத் தொடராகவே பழகுங்கள். இரண்டாம் பகுதியில் தரப்படும் ஒரு நிமிடத்தில், குறிப்புகளையும் ஆங்கிலத் தொடர்களாகவே எழுதுங்கள்.