ஒரே ஓர் எழுத்துப் பிழை

அரிவாள் செல் சோகை ஒரே ஓர் எழுத்துப் பிழையால் வருவது. பீட்டா குளோபின் மரபணுவில் ‘ஜி-ஏ-ஜி’ என்றிருக்க வேண்டிய இடம் ‘ஜி-டி-ஜி’ என்றாகிவிடுகிறது. அதனால் ஹீமோகுளோபினில் குளூட்டமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் சேர்கிறது. ஆக்சிஜனை விட்டதும் ஹீமோகுளோபின் ஒன்றோடொன்று ஒட்டி நீண்டு, சிவப்பணுவை அரிவாளாக வளைக்கிறது.

வழக்கமான கிரிஸ்பரில் வழிகாட்டி ஆர்.என்.ஏ. இடத்தைக் காட்ட, கேஸ்9 நொதி டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளையும் வெட்டுகிறது. அறுந்த முனைகளைச் செல் அவசரமாக ஒட்டும்போது சில எழுத்துகள் விடுபடும், சில கூடும். சில வேளை நீண்ட பகுதியே தொலைந்துபோகும். ஒரு மரபணுவை முடக்க இது போதும், எழுத்தைத் திருத்தப் போதாது. சரியான பிரதியை உடன் அனுப்பி அதைப் பார்த்து ஒட்ட வைக்கலாம்தான். ஆனால் ரத்தத் தண்டு செல்கள் அந்த வழியை அரிதாகவே பின்பற்றுகின்றன. 2023இல் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதித்த ‘காஸ்கெவி’ சிகிச்சை பிழையைத் தொடுவதே இல்லை. பி.சி.எல்.11ஏ மரபணுவைச் சிவப்பணு மரபில் இயக்கும் பகுதியை அது வெட்டுகிறது. பிறந்தபின் அடங்கிய கரு ஹீமோகுளோபின் மீண்டும் சுரக்கிறது. கெட்டிக்காரத்தனமான சுற்றுவழி.

அமெரிக்காவில் டேவிட் லியூவின் குழு 2016இல் வெளியிட்ட ‘பேஸ் எடிட்டிங்’ இரண்டு இழைகளையும் வெட்டுவதில்லை. வெட்டும் திறன் பாதி முடக்கப்பட்ட கேஸ்9உடன் இணைந்த ஒரு நொதி, எழுத்தை வேதிவினையால் அங்கேயே மாற்றுகிறது. முதல் கருவி சி எழுத்தை டி ஆக்கியது. 2017இல் வந்தது ஏ எழுத்தை ஜி ஆக்கியது. எதிர் இழையையும் சேர்த்தால் நான்கு வகை மாற்றங்கள். அரிவாள் பிழைக்குத் தேவையான டி-யிலிருந்து ஏ அவற்றில் இல்லை. ஆனால் எதிர் இழையில் அந்த டி-க்கு இணையான ஏ எழுத்தை ஜி ஆக்கினால், டி இருந்த இடம் சி ஆகும். ‘ஜி-சி-ஜி’ அலனினைக் கொடுக்கும். அது இயல்பான புரதம் அல்ல. ஆனாலும் ‘மக்காசர்’ என்ற இந்த வகை ஹீமோகுளோபின் சிலருக்கு இயற்கையிலேயே உண்டு, தீங்கும் செய்வதில்லை. 2021இல் எலிகளில் இந்த உத்தி பலித்தது. ஒரு தொல்லை உண்டு: நொதி எட்டும் ஐந்தாறு எழுத்துகளுக்குள் இன்னொரு ஏ இருந்தால் அதுவும் மாறக்கூடும்.

அதே குழு 2019இல் அறிவித்த ‘பிரைம் எடிட்டிங்’ ஒரு இழையை மட்டும் கீறுகிறது. வழிகாட்டி ஆர்.என்.ஏ.வின் நீட்டிய வாலிலேயே சரியான வாசகம் எழுதப்பட்டிருக்கும். கேஸ்9உடன் இணைந்த இன்னொரு நொதி அதைப் படித்து, கீறிய முனையில் புதிய டி.என்.ஏ.வை எழுதுகிறது. எந்த எழுத்தையும் எதுவாகவும் மாற்றலாம் என்பதால், அரிவாள் பிழையை மனிதச் செல்களில் மீண்டும் ‘ஜி-ஏ-ஜி’ ஆக்க முடிந்தது. நான்கு எழுத்துகள் கூடுதலாக நுழைந்ததால் வரும் ஒருவகை டே-சாக்ஸ் பிழையையும் அதே ஆய்வு நீக்கிக் காட்டியது. எழுத்தை மாற்ற மட்டுமே தெரிந்த பேஸ் எடிட்டிங்குக்கு அது எட்டாது. ஆனால் புதிய துண்டைச் செல் ஏற்காமல் பழைய எழுத்துக்கே திரும்பிவிடுவதும் உண்டு. கருவியும் பெரிது, மரபணு சுமக்கும் வழக்கமான சிறு வைரஸ் ஒன்றுக்குள் முழுதாக அடங்காது, இரண்டாகப் பிரித்துத்தான் அனுப்ப வேண்டும்.