ஐந்து டிகிரி வெயிலும் கால் ஓம் ரெசிஸ்டரும்

குண்டு பல்பின் இழைக்குத் தன்னைக் காத்துக்கொள்ளத் தெரியும். சூடு ஏற ஏற டங்ஸ்டனின் மின்தடை கூடுகிறது, மின்தடை கூடியதும் மின்னோட்டம் குறைகிறது. ஒளிரும் நிலையில் இழையின் தடை, அணைந்திருக்கும்போது இருந்ததைப்போல் பத்து மடங்குக்கும் மேல். அதனால்தான் பல்பைப் போட்ட கணத்தில் பாயும் பெரிய மின்னோட்டம் உடனே அடங்கிவிடுகிறது.

டிரான்சிஸ்டர் இதற்கு நேர் எதிரானது. சூடானால் அது கூடுதல் மின்னோட்டத்தை விடும், கூடுதல் மின்னோட்டம் இன்னும் சூட்டைத் தரும். இந்தச் சுழல் அடங்காமல் போனால் சில்லு உருகிவிடும். மின்னணுவியலில் இதற்கு 'தெர்மல் ரன்அவே' என்று பெயர். என்னை வியக்க வைப்பது அந்த அழிவு அல்ல. அதைத் தடுக்க எவ்வளவு சிறிய பொருள் போதும் என்பதுதான் வியப்பு.

ஒரு ஆம்ப்ளிஃபயரை எடுத்துக்கொள்வோம். அதன் கடைசிக் கட்டத்தில், ஸ்பீக்கரை ஓட்டும் இடத்தில், 3055 என்ற எண் பொறித்த உலோகத் தொப்பி டிரான்சிஸ்டர் இருக்கிறது. அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் 1960களில் கொண்டுவந்த வகை இது. பல நிறுவனங்கள் இன்னமும் செய்கின்றன. அதற்கு 35 வோல்ட் கொடுத்திருக்கிறோம். பாட்டு எதுவும் ஓடவில்லை. ஆனாலும் 50 மில்லிஆம்பியர் மின்னோட்டம் சும்மா பாய்ந்துகொண்டிருக்கும்படி வைத்திருக்கிறோம். இது இல்லாவிட்டால் மெல்லிய ஒலிகள் பிசிறடிக்கும். 35 வோல்ட்டையும் 50 மில்லிஆம்பியரையும் பெருக்கினால் ஒன்றே முக்கால் வாட். 115 வாட் தாங்கும் என்று எழுதிக் கொடுத்த டிரான்சிஸ்டருக்கு இது ஒரு சுமையே அல்ல. தொட்டால் இளஞ்சூடு தெரியும், அவ்வளவுதான்.

இந்த 50 மில்லிஆம்பியரை நிர்ணயிப்பது பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே நாம் கொடுக்கும் சிறு மின்னழுத்தம். கிட்டத்தட்ட 0.6 வோல்ட். அந்தச் சந்தியில் எலக்ட்ரான்கள் ஒரு ஆற்றல் மேட்டைத் தாண்டிப் போக வேண்டும். நாம் கொடுக்கும் மின்னழுத்தம் மேட்டைத் தாழ்த்துகிறது. மேட்டின் உயரம் சற்றே குறைந்தாலும் தாண்டுவோரின் எண்ணிக்கை மடங்கு கணக்கில் பெருகும். 18 மில்லிவோல்ட் கூட்டினால் மின்னோட்டம் இரட்டிப்பு, 60 கூட்டினால் பத்து மடங்கு. சூடும் அதே வேலையைச் செய்கிறது. சந்தி ஒரு டிகிரி சூடானால் பேஸில் சுமார் 2 மில்லிவோல்ட் கூட்டிக் கொடுத்ததற்குச் சமம். ஆகவே ஒன்பது டிகிரி சூடேறினால், நாம் எதையும் தொடாமலேயே, மின்னோட்டம் இரட்டிப்பாகிவிடும்.

இனி வெப்பம் வெளியேறும் வழி. சில்லிலிருந்து உலோகத் தொப்பிக்கு வர ஒவ்வொரு வாட்டுக்கும் ஒன்றரை டிகிரி ஏற்றம் தேவை. தொப்பிக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே உள்ள மைக்கா தகட்டைக் கடக்க அரை டிகிரி. ஹீட் சிங்க்கிலிருந்து காற்றுக்குப் போக ஒரு டிகிரி. மொத்தம் வாட்டுக்கு மூன்று டிகிரி. நம் ஒன்றே முக்கால் வாட்டுக்குச் சந்தி அறையைவிட ஐந்தேகால் டிகிரி சூடாக இருக்கும்.

காலையில் எல்லாம் சரி பார்த்து வைத்தாயிற்று. எமிட்டரில் ரெசிஸ்டர் எதுவும் போடவில்லை. மதியம் அறை ஐந்து டிகிரி சூடேறுகிறது. சந்தியும் ஐந்து டிகிரி ஏறும். பத்து மில்லிவோல்ட் கூட்டியதற்குச் சமம் என்பதால் மின்னோட்டம் 73 மில்லிஆம்பியருக்குப் போகும். கூடுதல் மின்னோட்டத்தால் சந்தி இன்னும் இரண்டரை டிகிரி ஏறும். அதனால் மின்னோட்டம் 89 ஆகும், சூடு மேலும் 1.6 டிகிரி ஏறும். அடுத்த சுற்றில் 1.2 டிகிரி, அதற்கடுத்து 1 டிகிரி. பார்க்கிறவருக்கு நிம்மதியாக இருக்கும். ஏற்றம் குறைந்துகொண்டே வருகிறது, சீக்கிரம் நின்றுவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஆனால் நிற்காது. மூன்று நான்கு சுற்றுகள் ஒரு டிகிரி, ஒரு டிகிரி என்றே ஊர்ந்து போகும். பிறகு 1.2, 1.6, 2.2, அப்புறம் 3.6, 7.5, அடுத்த சுற்றில் 24 டிகிரி. மின்னோட்டம் அதற்குள் மூன்று ஆம்பியரைத் தாண்டியிருக்கும். ஹீட் சிங்க் சூடேற நேரம் எடுப்பதால் அந்த ஊர்ந்த கட்டம் பல நிமிடம் நீளும், கடைசிப் பாய்ச்சலோ சட்டென்று முடியும். ஐந்து நிமிடம் மீட்டரைப் பார்த்துவிட்டு 'செட்டாகிவிட்டது' என்று மூடியைப் போடுவது ஏன் ஆபத்து என்பது இந்த எண்களைப் பார்த்தால் புரியும்.

திரும்ப முடியாத எல்லையும் இந்தக் கணக்கில் துல்லியமாகத் தெரிகிறது. மின்னோட்டம் ஒரு மில்லிஆம்பியர் கூடினால் 35 மில்லிவாட் வெப்பம் கூடும், சந்தி பத்தில் ஒரு டிகிரி ஏறும். அது பேஸில் 0.21 மில்லிவோல்ட் கூட்டியதற்குச் சமம். இதைச் சூடு போடும் வரவு என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ஒரு மில்லிஆம்பியரை அதிகமாகக் கடத்த டிரான்சிஸ்டர் கேட்கும் செலவும் ஒன்று உண்டு. 50 மில்லிஆம்பியரில் அது 0.52 மில்லிவோல்ட். செலவு வரவைவிட அதிகம் என்பதால் சுழல் அடங்கும். மின்னோட்டம் ஏற ஏற இந்தச் செலவு குறைந்துகொண்டே போகும். 124 மில்லிஆம்பியரில் இரண்டும் சமம். அதற்கு மேல் வரவுதான் அதிகம், ஓட்டம் தானே ஓடும். நம் உதாரணத்தில் அறை நான்கு டிகிரி மட்டும் ஏறியிருந்தால் இந்த எல்லையின் விளிம்பில் வந்து நின்றிருக்கும். ஐந்தாவது டிகிரிதான் தள்ளிவிட்டது.

இப்போது எமிட்டரில் 0.22 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்ப்போம். போர்டுகளில் செங்கல் வடிவில் வெள்ளையாக, சிமென்ட் பூசி இருக்கும் ஐந்து வாட் ரெசிஸ்டர்தான் அது. எமிட்டர் மின்னோட்டம் முழுவதும் இதன் வழியாகத்தான் போக வேண்டும். மின்னோட்டம் ஒரு மில்லிஆம்பியர் கூடினால் ரெசிஸ்டரின் குறுக்கே 0.22 மில்லிவோல்ட் கூடும். நாம் கொடுக்கும் மொத்த மின்னழுத்தம் மாறாதது, ஆகவே பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே அதே 0.22 குறைந்தாக வேண்டும். சூடு போடும் வரவு 0.21, ரெசிஸ்டர் எடுக்கும் பற்று 0.22. முன்பு சொன்ன செலவைப்போல் இந்தப் பற்று மின்னோட்டம் ஏறினால் குறைவதில்லை. 50 மில்லிஆம்பியரிலும் அதே 0.22, ஐந்து ஆம்பியரிலும் அதே 0.22. எந்த மின்னோட்டத்திலும் வரவு பற்றைத் தாண்டாது. திரும்ப முடியாத எல்லை என்ற ஒன்றே இல்லாமல் போய்விடுகிறது.

அதே மதியத்தை மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். அறை ஐந்து டிகிரி ஏறுகிறது, மின்னோட்டம் 50லிருந்து சுமார் 73 மில்லிஆம்பியருக்குப் போகிறது, அங்கேயே நிற்கிறது. இந்த 73 என்ற எண்ணைக் கவனியுங்கள். ரெசிஸ்டர் இல்லாதபோது முதல் சுற்றில் வந்த அதே எண். வெயில் தந்த பங்கு மட்டும் மிஞ்சுகிறது, டிரான்சிஸ்டர் தன் சூட்டால் தனக்கே போட்டுக்கொண்ட வரவு முழுக்கக் கழிந்துவிடுகிறது. இதைவிடத் துப்புரவான திருத்தத்தை மின்சுற்றுகளில் அதிகம் பார்க்க முடியாது. வெப்பம் பரவ நேரம் எடுக்கும், ரெசிஸ்டரோ அந்தக் கணத்திலேயே கழிக்கிறது என்பதும் கூடுதல் பலம்.

அந்த ரெசிஸ்டர் ஒரு மீட்டராகவும் பயன்படும். அதன் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்தால் 50 மில்லிஆம்பியருக்கு 11 மில்லிவோல்ட் காட்டும். ஒரு மணி நேரம் சத்தமாகப் பாட விட்டு, பாட்டை நிறுத்தி, அந்த 11 திரும்ப வருகிறதா என்று பார்க்க வேண்டும். மெல்ல இறங்கி வந்தால் நல்லது. இறங்காமல் நின்றாலோ ஏறினாலோ வெப்பம் போகும் வழியில் எங்கோ அடைப்பு இருக்கிறது.

பெரும்பாலும் அந்த அடைப்பு மைக்கா தகட்டில்தான். தொப்பியும் ஹீட் சிங்க்கும் கண்ணுக்கு மழமழவென்று தெரிந்தாலும் உண்மையில் சில புள்ளிகளில்தான் தொடுகின்றன, நடுவே இருப்பது காற்று. அந்த இடுக்கை நிரப்பத்தான் வெள்ளைப் பேஸ்ட். அதைத் தடவ மறந்தால் அரை டிகிரியாக இருந்த தடை இரண்டு மடங்குக்கு மேல் போகும். வாட்டுக்கு மூன்று டிகிரி என்பது 3.6 ஆனால் வரவு 0.25 ஆகிவிடும், ரெசிஸ்டரின் 0.22 பின்தங்கிவிடும். குறைந்த மின்னோட்டத்தில் இது தெரியாது, டிரான்சிஸ்டரின் சொந்தச் செலவு அங்கே கைகொடுக்கும். நீண்ட நேரம் சத்தமாக ஓடிய பிறகுதான் தெரியவரும்.

அப்படியானால் ஹீட் சிங்க்கை மிகப் பெரிதாக்கிவிட்டு ரெசிஸ்டரை எடுத்துவிடலாமா? எவ்வளவு பெரிய அலுமினியத்தை மாட்டினாலும் சில்லுக்கும் தொப்பிக்கும் இடையே உள்ள ஒன்றரை டிகிரியைத் தொட முடியாது, அது தொழிற்சாலையிலேயே உள்ளே அடைபட்டுவிட்டது. மைக்காவும் ஹீட் சிங்க்கும் வெப்பத்தைத் தடையே இல்லாமல் கடத்துவதாகக் கற்பனை செய்தாலும் வரவு 0.105. திரும்ப முடியாத எல்லை சுமார் 250 மில்லிஆம்பியருக்குத் தள்ளிப்போகும், அழியாது. எல்லையைத் தள்ளிவைப்பது ஹீட் சிங்க்கின் வேலை, அதை அழிப்பது ரெசிஸ்டரின் வேலை. ரெசிஸ்டரை ஒரு ஓமாக்கிவிட்டால் இன்னும் பாதுகாப்பு என்பதும் சரிவராது. உச்ச ஒலியில் ஐந்து ஆம்பியர் பாயும்போது ஸ்பீக்கருக்குப் போக வேண்டிய ஐந்து வோல்ட் அதில் வீணாகும். 0.22 ஓமில் அது 1.1 வோல்ட்தான்.

வெயில் தந்த அந்த 73ஐக்கூடத் திருத்த ஒரு வழி உண்டு. பேஸ் மின்னழுத்தத்தை நிர்ணயிக்கும் சிறு டிரான்சிஸ்டர் ஒன்றை அதே ஹீட் சிங்க்கில் திருகி வைப்பார்கள். ஹீட் சிங்க் சூடானால் அந்தச் சிறு டிரான்சிஸ்டரின் மின்னழுத்தமும் டிகிரிக்கு 2 மில்லிவோல்ட் வீதம் தானாக இறங்கிவிடும். ஆனால் அது அறிவது ஹீட் சிங்க்கின் சூட்டை மட்டுமே, அதுவும் தாமதமாக. சில்லுக்குள் நடப்பதற்கு ரெசிஸ்டர்தான் கதி.

அந்தச் சில்லுக்குள்ளேயே இன்னொரு களம் இருக்கிறது. ஒரு பவர் டிரான்சிஸ்டரின் சில்லை அருகருகே ஒட்டிய பல சிறு டிரான்சிஸ்டர்களாக நினைக்கலாம். அவற்றில் ஒன்று சற்றே சூடானால் பக்கத்தில் இருப்பவற்றின் மின்னோட்டத்தையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். மொத்த மின்னோட்டம் மாறாததால் வெளியே உள்ள ரெசிஸ்டருக்கு எதுவும் தெரியாது, உள்ளே ஒரு புள்ளி மட்டும் உருகிக்கொண்டிருக்கும். 'செகண்ட் பிரேக்டவுன்' என்ற இந்த அழிவை 1958இல் தார்ன்டன், சிமன்ஸ் என்ற இருவர் ஆய்வுக் கட்டுரையில் விவரித்தார்கள். வானொலி அலைகளை அனுப்பும் பவர் டிரான்சிஸ்டர்களில் இதற்கான மாற்றைச் சில்லின் மீதே அமைக்கிறார்கள். எமிட்டரைப் பல மெல்லிய விரல்களாகப் பிரித்து, ஒவ்வொரு விரலின் வழியிலும் ஒரு நுண்ணிய மின்தடையை வைத்துவிடுகிறார்கள்.

அதே வரவுக் கணக்கைப் பார்த்தால் இன்னொன்றும் விளங்கும். 35 வோல்ட்டில் ஒரு மில்லிஆம்பியர் 0.21 மில்லிவோல்ட் வரவு தந்தது, 70 வோல்ட்டில் அது 0.42 தரும். வாட் ஒன்றாகவே இருந்தாலும் கூடுதல் வோல்டேஜில் சூடு மின்னோட்டத்தை இரு மடங்கு வலுவாக இழுக்கிறது. 115 வாட் தாங்கும் டிரான்சிஸ்டரின் விவரத்தாளில், எவ்வளவு வோல்ட்டில் எவ்வளவு ஆம்பியர் விடலாம் என்று காட்டும் கோடு, வோல்டேஜ் கூடும் பக்கம் அந்த 115 வாட்டுக்கும் கீழே செங்குத்தாகச் சரிவது இதனால்தான்.