தலைமையாசிரியர் அம்மாவுக்கு ஒரு கடிதம்

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் அரசு நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. புதுச் சேர்க்கை, மாற்றுச் சான்றிதழ், விலையில்லாப் பாடநூல், எமிஸ் பதிவு என்று வேலை வரிசையில் நிற்கும். அதற்கு நடுவே ஒருவர் வந்து, “பிள்ளைகளுக்கு வாரம் ஒரு மணி நேரம் அறிவியல் மன்றம் நடத்தித் தருகிறேன், சம்பளம் வேண்டாம்” என்று கடிதம் நீட்டுகிறார். நல்ல எண்ணம்தான். ஆனாலும் இப்படி வரும் கடிதங்களில் பல, பதில் இல்லாமலே கோப்புக்குள் போய்விடுகின்றன. தலைமையாசிரியருக்கு அறிவியல் பிடிக்காததால் அல்ல. அவர் முடிவெடுக்கத் தேவையான விவரம் கடிதத்தில் இல்லாததால்தான்.

அவர் தெரிந்துகொள்ள விரும்புவது மிகவும் எளிய விஷயங்கள். வருபவர் யார்? எந்த வகுப்புப் பிள்ளைகள், எத்தனை பேர், எந்தப் பாடவேளை? வகுப்பில் ஆசிரியர் இருப்பாரா? காசு வசூல் உண்டா? பிள்ளைக்குக் காயம்பட்டால் பதில் சொல்வது யார்? இவற்றுக்கு ஒரே பக்கத்தில் விடை கிடைத்தால் ‘சரி’ என்று சொல்ல அவருக்குத் துணிவு வரும். “மாணவர்களிடம் அறிவியல் மனப்பான்மையை வளர்க்க விழைகிறேன்” என்ற வரியை வைத்துக்கொண்டு அவரால் எதையும் முடிவு செய்ய முடியாது.

மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், தன் ஊர் நடுநிலைப் பள்ளிக்கு எழுதுவதாக வைத்துக்கொண்டு ஒரு மாதிரிக் கடிதம் தருகிறேன்.

அனுப்புநர்: (பெயர், முகவரி, கைப்பேசி எண்)
பெறுநர்: தலைமையாசிரியர், ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி, (ஊர்)

மதிப்பிற்குரிய அம்மா,

பொருள்: 7ஆம் வகுப்பு மாணவர்களுக்கு வாரம் ஒரு மணி நேரம் அறிவியல் மன்றம் நடத்த அனுமதி கோருதல் – தொடர்பாக.

நான் மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். நம் பள்ளிக்கு அருகில்தான் குடியிருக்கிறேன். ஜூலை முதல் வாரத்திலிருந்து ஆகஸ்ட் இறுதி வரை, எட்டு வெள்ளிக்கிழமைகளில், கடைசிப் பாடவேளையில் 7ஆம் வகுப்பு மாணவர்கள் 25 பேருக்குச் செய்முறை வகுப்பு நடத்த விரும்புகிறேன். காலாண்டுத் தேர்வுக்கான தயாரிப்பு தொடங்குமுன் இது முடிந்துவிடும்.

வகுப்பு முழுவதும் அறிவியல் ஆசிரியர் உடன் இருக்க வேண்டுகிறேன். அவர் வர இயலாத வாரம் வகுப்பு நடத்த மாட்டேன். என்ன செய்யப் போகிறோம் என்பதை முந்தின வாரமே அவரிடம் எழுதித் தருவேன். தீ, அமிலம், கண்ணாடிக் குழாய் எதுவும் பயன்படுத்த மாட்டேன். பொருள்செலவு என்னுடையது. மாணவர்களிடமோ பெற்றோரிடமோ பணம் வாங்க மாட்டேன். படம் எடுக்க மாட்டேன்.

ஆதார் நகல், ஓய்வூதிய அடையாள அட்டை நகல், என்னை அறிந்த இருவரின் தொடர்பு எண்கள், முதல் வாரப் பாடக்குறிப்பு ஆகியவற்றை இணைத்துள்ளேன். பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் இதை வைத்து முடிவு தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அழைத்தால் நேரில் வந்து விளக்குவேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம், நாள்)

இந்தக் கடிதத்தில் முக்கியமான இடம், ஆசிரியர் வராத வாரம் வகுப்பு இல்லை என்ற வாக்கியம். 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் நடந்தது நினைவிருக்கலாம். என்.சி.சி. முகாம் என்ற பெயரில் வெளியாட்கள் வந்து தங்கினார்கள். அவர்களுக்கும் என்.சி.சி.க்கும் தொடர்பே இல்லை; பள்ளி அதைச் சரிபார்க்கவும் இல்லை. மாணவி ஒருவருக்குப் பாலியல் வன்கொடுமை நடந்தது. முகாம் நடத்தியவர் மட்டுமல்ல, பள்ளித் தரப்பினரும் கைதானார்கள். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குற்றம் நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே தண்டனைக்குரியது. அடுத்த மாதமே சென்னை அரசுப் பள்ளிகளில் வெளியாள் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு பெரும் சர்ச்சையாகி, யாரைப் பள்ளிக்குள் விடுவது என்ற கேள்வி மாநிலம் முழுக்க எழுந்தது. இதற்குப் பிறகு முன்பின் தெரியாத ஒருவரைத் தலைமையாசிரியர் சந்தேகத்தோடு பார்த்தால் அது அவர் கடமை. அதை மனத்தாங்கலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அடையாளச் சான்றை அவர் கேட்பதற்கு முன் நாமே கொடுத்துவிட வேண்டும். பிள்ளைகளின் கைப்பேசி எண்ணை வாங்குவது, வாட்ஸப் குழு தொடங்குவது, யாரையாவது தனியாக நிறுத்திப் பேசுவது எல்லாம் முதல் நாளிலிருந்தே கூடாது. ஒரு பிள்ளை வேதனையான எதையாவது சொன்னால் உடனே தலைமையாசிரியரிடம் தெரிவிக்க வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098 பள்ளிச் சுவரிலேயே எழுதியிருக்கும்.

பள்ளி மேலாண்மைக் குழுவைக் கடிதத்தில் சொல்வதற்கும் காரணம் உண்டு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர். அவர்கள் பார்த்துப் பேசித் தீர்மானம் போட்டுவிட்டால் பொறுப்பு தலைமையாசிரியர் ஒருவர் தலையில் விழாது. அதற்குமேல் கல்வி அலுவலரின் அனுமதி தேவையென்று அவர் சொன்னால் அதற்கும் காத்திருக்கத்தான் வேண்டும்.

கடிதம் எழுதுமுன் இன்னொன்றையும் விசாரித்துக்கொள்ள வேண்டும். 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கப்பட்ட வானவில் மன்றம் திட்டத்தில், 6 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கருத்தாளர்கள் வந்து அறிவியல், கணிதச் செய்முறைகள் செய்துகாட்டுகிறார்கள். நாம் போகும் பள்ளிக்கும் அவர்கள் வருகிறார்கள் என்றால், என்று வருகிறார்கள், என்னென்ன செய்தார்கள் என்று அறிவியல் ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டு அதைத் தொடர்வதுபோல நம் எட்டு வாரத்தை அமைக்கலாம். இதைக் கேட்காமல், இங்கே ஒன்றுமே நடக்கவில்லை என்ற தொனியில் எழுதப்பட்ட கடிதம் ஆசிரியரைப் புண்படுத்தும். அந்த ஆசிரியர் துணையில்லாமல் மன்றம் இரண்டாவது வாரத்தைத் தாண்டாது.

இனி, இணைப்பில் வைக்கும் முதல் வாரப் பாடக்குறிப்பு. எட்டு வாரத்துக்கும் தலைப்புப் பட்டியல் போடுவதைவிட ஒரு வாரத்தை முழுமையாக எழுதிக்காட்டுவதே மேல். எழுதியவருக்கு வேலை தெரியுமா என்று அறிவியல் ஆசிரியர் அதைப் படித்தே சொல்லிவிடுவார். முதல் வாரத்துக்குத் தனி ஊசல் மிகப் பொருத்தம். சணல் நூல், பட்டறையில் கிடைக்கும் இரும்பு நட்டுகள், ஒரு மீட்டர் அளவுகோல், நொடிமுள் உள்ள கடிகாரம் போதும். ஐந்து ஐந்து பேராக ஐந்து குழு. நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, கட்டிய இடத்திலிருந்து நட்டின் நடுப்பகுதி வரை சரியாக ஒரு மீட்டர் இருக்கும்படி அளந்து, லேசாக இழுத்துவிட்டு, பத்து முழு அலைவுக்கு எத்தனை நொடி என்று பார்க்க வேண்டும். போய்த் திரும்பி வந்தால்தான் ஓர் அலைவு. விடை 20 நொடி.

அடுத்துப் பிள்ளைகளிடம் கேட்கலாம்: “பத்து அலைவு 10 நொடியில் முடிய நூல் எவ்வளவு நீளம் இருக்கணும்?” அநேகமாக எல்லோரும் பாதி என்பார்கள், 50 சென்டிமீட்டர். செய்துபார்த்தால் 14 நொடி வரும். அங்கேதான் வகுப்பு உயிர்பெறுகிறது. விடையைச் சொல்லாமல் விட்டுவிட்டால் ஒவ்வொரு குழுவும் நூலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போகும். 25 சென்டிமீட்டரில் பத்து நொடி கிடைக்கும். நேரம் பாதியாக நீளம் கால் பங்காக வேண்டும் என்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்திருப்பார்கள். பிறகு ஒரு நட்டுக்குப் பதில் மூன்று நட்டு. எடை கூடினால் வேகமாக ஆடும் என்று சிலர் பந்தயம் கட்டுவார்கள். நேரம் மாறாது.

எங்கே தவறும் என்பதையும் குறிப்பில் எழுத வேண்டும். நட்டை விடும்போதே ‘ஒன்று’ என்று எண்ணத் தொடங்கினால் பத்தாவது எண்ணிக்கையில் ஒன்பது அலைவுதான் ஆகியிருக்கும். 20க்குப் பதில் 18 நொடி வந்தால் காரணம் அநேகமாக இதுதான்; விடும்போது ‘சுழியம்’ என்று சொல்லப் பழக்கினால் சரியாகிவிடும். மூன்று நட்டுகளை ஒன்றின்கீழ் ஒன்றாகக் கட்டினால் எடையோடு நீளமும் கூடிவிடும், நேரமும் கூடிவிடும். எடைதான் காரணம் என்று பிள்ளைகள் சாதிப்பார்கள். மூன்றையும் ஒரே இடத்தில் சேர்த்துக் கட்ட வேண்டும். ரொம்ப அகலமாக இழுத்துவிட்டாலும் நேரம் கொஞ்சம் கூடும். மின்விசிறியை நிறுத்த வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு மீட்டர் நூலை வகுப்பு மேசை விளிம்பில் தொங்கவிட முடியாது, தரையில் தட்டும். சன்னல் கம்பியோ வராந்தாக் கம்பியோ வேண்டும். எந்தக் கம்பியில் எந்தக் குழு என்பதை முந்தின நாளே அறையைப் போய்ப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஐந்து குழுவும் இடம் தேடிக் கொண்டிருந்தால் அந்த மணி நேரத்தில் பாதி போய்விடும்.

பாதுகாப்புக்கும் இந்தத் தேர்வு உதவுகிறது. மெழுகுவத்தி, அமிலம் எல்லாம் பார்க்கக் கவர்ச்சிதான். ஆனால் 25 பிள்ளைகளை இன்னும் பெயர்சொல்லி அழைக்கத் தெரியாத ஒருவர் அவற்றோடு தொடங்கக் கூடாது. ஒரு தீக்காயம் போதும், அந்தப் பள்ளியில் அடுத்துவரும் தன்னார்வலருக்கும் சேர்த்துக் கதவு மூடிவிடும். பள்ளியும் நாமும் ஒருவரையொருவர் அறிந்த பிறகு, ஆசிரியர் கையில் தீப்பெட்டி இருக்க, அவற்றைச் செய்யலாம்.

எட்டு வாரம் என்று கடிதத்தில் வரம்பு போட்டிருப்பதைச் சிலர் குறையாகப் பார்ப்பார்கள். எனக்கு அதுதான் சரி என்று படுகிறது. “ஆண்டு முழுதும் வருகிறேன்” என்று எழுதிவிட்டு ஆகஸ்டில் நின்றுபோவதைப் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். எட்டு வாரம் முடிந்ததும் எத்தனை பேர் வந்தார்கள், எந்தச் செய்முறை சரியாக வரவில்லை, என்னென்ன பொருள் பள்ளியில் விட்டுவருகிறோம் என்று ஒரு பக்கம் எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுத்தால், அரையாண்டுக்குப் பிந்தைய அனுமதிக்கு அதுவே விண்ணப்பம்.

கடிதத்தை அஞ்சலில் அனுப்ப வேண்டாம். ஜூன் கடைசி வாரத்தில், பள்ளி முடியும் நேரத்தில் நேரில் போய்க் கொடுங்கள். நகலில் தேதியோடு பள்ளி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ஜூலை பாதியாகிவிட்டால் பாடவேளை அட்டவணையில் இடம் கிடைப்பது கடினம்.