ஒலி, உருவம், பொருள்: பரீட்சைக்குரிய அருஞ்சொற்களை மனங்கொள்ளல்

தமிழ் மொழிமூலம் கற்றுப் பல்கலைக்கழகம் புகும் மாணவன் ஆங்கிலப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும்போது, முன்னர் கேட்டறியாத பல சொற்களைக் குறுகிய காலத்தில் நினைவிற் கொள்ள வேண்டியவனாகிறான். சொல்லை ஒரு பக்கத்திலும் பொருளை மறுபக்கத்திலும் எழுதி மீண்டும் மீண்டும் ஒப்புவிப்பதே அவன் அறிந்த வழி. மனனஞ் செய்தல் எமது கல்வி மரபிற்குப் புதியதன்று. விருத்தப்பாவால் அமைந்த சூடாமணி நிகண்டை முன்னைய மாணாக்கர் முழுமையாகவே பாடஞ் செய்தனர். ஆயின் அங்குச் செய்யுளின் ஓசை நினைவைத் தாங்கி நின்றது. ஓசையொழுங்கு எதுவுமற்ற சொற்பட்டியலுக்கு அத்தகைய தாங்குதல் இல்லை. அதனை வேறொரு வகையில் அமைத்துக்கொள்ளும் முறையொன்றையும் அதன் எல்லைகளையும் இங்கு ஆராய்வோம்.

இம்முறையை உளவியலாளர் திறவுச்சொல் முறை என்பர். அமெரிக்காவின் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த றிச்சட் அற்கின்சனும் அவருடைய சகாவும் 1975 ஆம் ஆண்டில் இது பற்றிய ஆய்வுகளை வெளியிட்டனர். ரஷ்ய மொழியில் மணியைக் குறிக்குஞ் சொல் ஏறத்தாழ ‘ஸ்வனோக்’ என ஒலிக்கும். அதன் இறுதியில் ஆங்கில மாணவர் நன்கறிந்த ‘ஓக்’ மரத்தின் பெயர் கேட்கிறது. எனவே, காய்களுக்குப் பதிலாகச் சிறு மணிகள் தொங்கும் ஓக் மரமொன்றை மாணவன் மனக்கண்ணிற் காண்கிறான். அந்நியச் சொல்லின் ஒலி அறிந்த சொல்லை எழுப்புகிறது. அறிந்த சொல் உருவத்தை எழுப்புகிறது. உருவம் பொருளைத் தருகிறது. 120 ரஷ்யச் சொற்களை மூன்று நாள்களிற் கற்பித்துச் சோதித்தபோது, இம்முறையைக் கையாண்டோர் 72 வீதமான சொற்களுக்குப் பொருள் கூறினர். கையாளாதோர் 46 வீதமே கூறினர். ஆறு வாரங்களின் பின் இவை முறையே 43, 28 வீதங்களாக இருந்தன.

எமது மாணவனுக்குப் பயன்படக்கூடிய ஓர் எடுத்துக்காட்டை நோக்குவோம். கஞ்சத்தனத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல், இலங்கையில் நாம் பின்பற்றும் பிரித்தானிய உச்சரிப்பில் ‘பாசிமனி’ என்று ஒலிக்கும். கேட்டவுடனேயே பாசிமணி நினைவுக்கு வருகிறது. இது முதற்படி மட்டுமே. பாசிமணி அணிந்த ஒரு பெண்ணைக் கற்பனை செய்தால் அவ்வுருவம் கஞ்சத்தனத்துக்கு இட்டுச் செல்லாது. மாறாக, பெட்டகம் நிறையப் பொன்னை வைத்துப் பூட்டிவிட்டு, மணவறையில் இருக்கும் மகளின் கழுத்திற் பாசிமணி மாலையைப் போடும் தந்தையைக் காண வேண்டும். இங்குப் பாசிமணியே கஞ்சத்தனத்தின் செயலாக அமைகிறது. திறவுச்சொல்லும் பொருளும் ஒரே நிகழ்ச்சியில் ஒன்றையொன்று தொட்டு நின்றாலன்றி உருவம் பயன்தராது. இதனை மாணவன் எளிதிற் சோதித்தறியலாம். சொல்லைக் கேட்டதும் மணி நினைவுக்கு வந்து, பொருள் ‘நகை’ என்று எழுத நேர்ந்தால், உருவத்திற் செயல் இல்லை என்பதே அதன் பொருள்.

திறவுச்சொல்லைத் தெரிவு செய்வதிலும் இடர் உண்டு. முடிவெடுக்க இயலாது தடுமாறுதலைக் குறிக்கும் ‘வசிலேற்’ என்னுஞ் சொல்லை எடுத்துக்கொள்வோம். ‘வசி’ என்னும் தமிழ்ச்சொல் ஒலியில் மிக நெருங்கியது. ஆனால் அது ‘குடியிருத்தல்’ என்னும் தன் சொந்தப் பொருளை உடன் கொண்டுவருகிறது. பரீட்சை மண்டபத்து நெருக்கடியில் அப்பொருளே விடைத்தாளில் இடம்பெற்றுவிடும். ‘வாசல்’ ஒலியிற் சற்று விலகியதாயினும் சிறந்தது. ஒரு கால் உள்ளேயும் மறுகால் வெளியேயுமாக வாசற்படியில் நின்று, போவதா வருவதா என்று தயங்குபவனை அது கண்முன் நிறுத்துகிறது. ஒலியால் நெருங்கியிருத்தல், பொருளோடு எளிதில் உருவமாக இணைதல், பட்டியலிலுள்ள பிற திறவுச்சொற்களினின்றும் வேறுபட்டிருத்தல் ஆகிய மூன்றையும் அற்கின்சன் வேண்டினார். ஒரே வாசலை மூன்று சொற்களுக்குப் பயன்படுத்துவோன் மூன்றையும் குழப்பிக்கொள்வான்.

இனி இம்முறையின் எல்லைகளுக்கு வருவோம். முதலாவது, இது சொல்லிலிருந்து பொருளுக்குச் செல்ல உதவுமளவுக்குப் பொருளிலிருந்து சொல்லுக்குச் செல்ல உதவுவதில்லை. தடுமாறுதலுக்கு ஆங்கிலச் சொல் யாது என்று வினவினால் வாசல் நினைவுக்கு வரலாம். ஆனால் அது சொல்லின் முற்பகுதியை மட்டுமே தரும். எழுத்துக்கூட்டலையும் அது காட்டாது. ‘பாசிமனி’ என்பதை எழுதும்போது சகரத்துக்கு முன் வரும் ‘ஆர்’ என்னும் ஆங்கில எழுத்து உச்சரிப்பில் மறைந்திருப்பதால், பாசிமணியை மட்டும் நம்பியவன் அதை விட்டுவிடுவான். அதனைக் கையால் எழுதியே பழகுதல் வேண்டும்.

இரண்டாவது எல்லை காலம் பற்றியது. 1992 இல் வாங், தோமஸ் முதலியோர் வெளியிட்ட ஆய்வில், உடனடிச் சோதனையில் திறவுச்சொல் முறையினர் சிறந்து விளங்கினர். ஆயினும் ஒப்புவித்துக் கற்றோரைக் காட்டிலும் அவர்களே விரைவாக மறந்தனர். முற்கூறிய முடிவுக்கு இது முரணானதுபோலத் தோன்றலாம். ஆனால் அற்கின்சனின் மாணவர், கற்ற நாள்களிலேயே பலமுறை சோதிக்கப்பட்டவர்கள். பிந்திய ஆய்விலோ காலந்தாழ்த்திச் சோதிக்கப்பட்டோர் இடையில் அவ்வாறு சோதிக்கப்படவில்லை. உருவத்தை அமைத்தல் ஒன்று, அதனை நினைவிலிருந்து மீட்டெடுத்தல் மற்றொன்று என்பதை இவ்வேறுபாடு உணர்த்துகிறது. 2013 இல் டன்லொஸ்கியும் சகாக்களும் கற்றல் உத்திகள் பத்தினை மதிப்பிட்டபோது, திறவுச்சொல் முறையைப் பயன் குறைந்தவற்றுள்ளும், தன்னைத்தானே சோதித்தலைப் பயன் மிகுந்தவற்றுள்ளும் வைத்தனர். ஆகவே, படத்தை அமைத்த அன்றே பொருளை மறைத்துச் சொல்லை மட்டும் நோக்கி விடை கூறிப் பார்த்தலும், மறுநாளும், சில நாள் கழித்தும், ஒரு வாரத்தின் பின்னும் அவ்வாறே செய்தலும் இன்றியமையாதன. இச்சோதனைகளில் நாளடைவில் தந்தையும் மாலையும் தோன்றாமலே பொருள் தோன்றத் தொடங்கும். கட்டடம் எழுந்தபின் சாரம் கழற்றப்படுவது போன்றது அது.

மூன்றாவதே உயர்கல்வி மாணவனைப் பெரிதும் பாதிப்பது. உருவம் ஒரு பொருளை மட்டுமே பற்றிக்கொள்கிறது. ஒரு பந்தியில், இரு கொள்கைகளும் தரவுகளைச் சமமாக விளக்கினும் ‘பாசிமனி’ கருதி முதலாவதே ஏற்கப்பட்டது என்று வருவதாகக் கொள்வோம். மணவறைத் தந்தையை மட்டும் அறிந்த மாணவன், ஆய்வாளர் பணத்தை மிச்சம் பிடித்தார் என்றோ, அவர் பழிக்கப்படுகிறார் என்றோ விளங்கிக்கொள்வான். உண்மையில் அங்கு அச்சொல் பாராட்டாகவே நிற்கிறது. வேண்டியதற்கு மேற்பட்ட எடுகோள்களைக் கொள்ளாத சிக்கனத்தையே சுட்டுகிறது. சொல்லை அறிந்திருந்தும் பந்தியை அவன் தவறவிடுகிறான். தனியார் வகுப்புகளிற் பிறர் ஆக்கிய படங்களோடு பட்டியலாக வழங்கப்படும் சொற்களுக்கு இக்குறை பெரும்பாலும் உண்டு.

எனவே, ஒவ்வொரு படத்தின் கீழும் அச்சொல் வந்துள்ள இரண்டு வாக்கியங்களையாவது மாணவன் எழுதிவைத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்று படத்துக்குப் பொருந்தாததாக இருப்பது நன்று. பாசிமணி மாலையின் கீழ் முதலில் கஞ்சனைப் பற்றிய வாக்கியமும் அடுத்து அறிவியற் கொள்கையைப் பற்றிய வாக்கியமும் இடம்பெறட்டும். படம் சொல்லை அவனிடம் கொண்டுவந்து சேர்க்கும். அச்சொல் எங்கெங்கு எவ்வாறு வழங்குகிறது என்பதை வாக்கியங்களே கற்பிக்கும்.