பென்ட்லிக்கு ஒரு கேள்வி

வேலைக்குச் சேர்ந்த பிறகு வந்த முதல் தீபாவளியில் எனக்குக் கிடைத்த போனஸ் ஒரு மைனஸ் குறி. ஒரு பெரிய ஜவுளிக் கடைக்கு நான் எழுதிக் கொடுத்திருந்த பில்லிங் புரோகிராம், பண்டிகைக்கு முந்தின இரவு கணக்கு முடிக்கும்போது அன்றைய மொத்த விற்பனையை மைனஸ் 1,98,09,172 ரூபாய் 96 காசு என்று அச்சடித்துத் தந்தது. உண்மையில் விற்றது 2,31,40,500 ரூபாய்.

காரணம் சின்னது. தொகையை நான் காசுகளாக மாற்றி, 32 பிட் முழு எண்ணில் வைத்திருந்தேன். அந்தப் பெட்டியில் அடங்கும் மிகப் பெரிய எண் 214,74,83,647. ரூபாயில் சொன்னால் 2 கோடியே 14 லட்சத்துச் சொச்சம். அதற்கு மேல் ஒரு காசு சேர்ந்தாலும், பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மானி 99999-லிருந்து 00000-க்குப் புரளுவது மாதிரி எண் புரண்டுவிடும். வித்தியாசம் என்னவென்றால், இது பூஜ்யத்துக்குப் போகாது, நேராக மைனஸின் அடிமட்டத்துக்குப் போய்விடும். மற்ற நாட்களில் கடையின் விற்பனை அந்த எல்லையைத் தொட்டதே இல்லை. அதனால் எந்தச் சோதனையிலும் பிழை தலைகாட்டவில்லை.

என் மேலாளர் திட்டவில்லை. மேஜையிலிருந்து ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்துக் கொடுத்து, "நாலாவது அத்தியாயத்தைப் படிச்சிட்டு வாப்பா, அப்புறம் பேசலாம்" என்றார். ஜான் பென்ட்லி எழுதிய ‘புரோகிராமிங் பேர்ல்ஸ்’. பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்த பென்ட்லி, கணினியாளர்களுக்கான ஒரு சஞ்சிகையில் பத்தியாக எழுதி, 1986-இல் நூலாக்கியது. அன்று வாங்கினதை நான் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.

நாலாவது அத்தியாயம் நாம் அகராதியில் சொல் தேடும் விதத்தைப் பற்றியது. புத்தகத்தை நடுவில் பிரிக்கிறோம். தேடும் சொல் முன்னால் இருந்தால் பின்பாதியை மறந்துவிடலாம். மிச்சத்தை மறுபடி நடுவில் பிரிக்கலாம். ஆயிரம் பக்க அகராதியில் பத்துத் தடவை பிரித்தால் சரியான பக்கம் கைக்கு வந்துவிடும். நூறு கோடிப் பதிவுகள் என்றாலும் முப்பது தடவைதான். கணினிக்காரர்கள் இதை பைனரி சர்ச் என்பார்கள். இவ்வளவு எளிய விஷயத்தை எழுதிக் காட்டும்படி பென்ட்லி தன் வகுப்புகளுக்கு வந்த தொழில்முறைப் புரோகிராமர்களிடம் கேட்டார். போதிய நேரம் கொடுத்தும், பத்தில் ஒருவர் எழுதியதுதான் சரியாக இருந்தது. அதன் பிறகு அவர் தானே அந்தப் புரோகிராமை எழுதி, ஒவ்வொரு வரியும் ஏன் சரி என்று கணிதம்போல நிரூபித்துக்கொண்டே போவார். "ஓடிப் பார்த்தேன், சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்த ஒருவனை, "ஏன் சரி?" என்று கேட்க வைத்தது அந்தப் பக்கங்கள்தான். என் பிழைப்பு அங்கேதான் திசை மாறியது. அதற்குப் பிறகு பெரும்பாலும் மற்றவர்களின் புரோகிராமில் பிழை தேடுவதே என் வேலையாகிவிட்டது.

இருபது வருஷத்துக் கடனாயிற்றே, அவருக்கு ஒரு கடிதம் எழுதலாம் என்று தோன்றியது. முதல் பிரதி மூன்று பக்கம் வந்தது. இரண்டே கால் பக்கம் புகழ்ச்சி. மீதியில் ஒரு கேள்வி. உண்மையைச் சொன்னால், அது குற்றச்சாட்டு.

விஷயம் இதுதான். 2006 ஜூனில் ஜோஷுவா ப்ளாக் என்பவர் ஒரு கட்டுரை எழுதினார். மாணவராக இருந்தபோது பென்ட்லியின் வகுப்பில் உட்கார்ந்து இதே பாடத்தைக் கேட்டவர். பின்னாளில் ஜாவா மொழியோடு வரும் பைனரி சர்ச்சை எழுதியதும் அவரே. பென்ட்லி நிரூபித்துக் காட்டிய வழியில்தான் எழுதினார். ஏறக்குறைய ஒன்பது வருஷம் உலகமெங்கும் ஓடிய பிறகு அதில் ஒரு பிழை வெளிப்பட்டது. நடுப்பக்கத்தைக் கண்டுபிடிக்கும் வரியில்:

```
int mid = (low + high) / 2;
```

தொடக்க எண்ணையும் முடிவு எண்ணையும் கூட்டி இரண்டால் வகுக்கிறோம். பள்ளிக்கூடக் கணக்கில் இதில் தப்பே இல்லை. ஆனால் low 120 கோடி, high 180 கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 300 கோடி. பெட்டியில் அடங்குவதோ 214 கோடிச் சொச்சம். எண் புரண்டு, ‘நடுப்பக்கம்’ மைனஸ் 64 கோடிச் சொச்சத்துக்குப் போய்விடும். புரோகிராம் அங்கேயே விழும். என் ஜவுளிக் கடை மைனஸும் இதுவும் ஒரே நோய். முதலில் கூட்டாமல், இடைவெளியில் பாதியைத் தொடக்கத்தோடு சேர்த்தால் தீர்ந்தது:

```
int mid = low + (high - low) / 2;
```

"நிரூபித்தேன் என்றீர்களே, இதை எப்படிப் பார்க்காமல் விட்டீர்கள்?" என்றுதான் முதல் பிரதியில் கேட்டிருந்தேன். அனுப்புவதற்கு முன் பக்க எண்ணைச் சரிபார்க்கலாம் என்று புத்தகத்தைப் பிரித்தேன். அத்தியாயத்தின் முடிவில் இருக்கும் பயிற்சிகளை இத்தனை வருஷத்தில் ஒருநாளும் நான் ஒழுங்காகப் படித்ததில்லை. முதல் பயிற்சியே என் வாயை அடைத்தது. இந்த நிரூபணம் இன்னும் முழுமையல்ல, எண் பெட்டியை மீறி வழிவது போன்ற தவறுகள் நேராது என்று எப்படிக் காட்டுவாய் என்று வாசகனைப் பார்த்து அவரே கேட்கிறார். கடைசியில் உள்ள விடைப்பகுதியில் அதற்குப் பதிலும் இருக்கிறது: இரண்டு எண்களும் பட்டியலின் நீளத்தைத் தாண்டாது என்பதை நிரூபணத்தில் சேர்த்துக்கொண்டால், அவற்றின் கூட்டுத்தொகைக்கும் ஒரு வரம்பு கிடைத்துவிடும்.

ஆக, அவர் பார்க்காமல் விடவில்லை. வரம்பு உண்டு என்று சொன்னார். அந்த வரம்பு பெட்டிக்குள் அடங்குமா என்பதைத்தான் எண்களை வைத்துச் சொல்லவில்லை. அந்தக் காலத்துக் கணினிகள் சிறியவை, கோடிக்கணக்கான பதிவுகளை யார் நினைத்திருப்பார்கள் என்று சமாதானம் சொல்லலாம். அது முழுச் சமாதானம் ஆகாது. 1980-களில் பல கணினிகளில் முழு எண்ணுக்கு 16 பிட்தான், எல்லை 32,767. அங்கே பதினாறாயிரத்துச் சொச்சம் பதிவுகளைத் தாண்டினாலே இதே வரி வழுக்கியிருக்கும். அது அந்தக் காலத்திலும் பெரிய பட்டியல் அல்ல.

மூன்று பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். பிழை என்ன என்று ப்ளாக் சொல்லிவிட்டார். திருத்தம் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். புத்தகத்திலேயே பதில் இருக்கும் கேள்வியை எழுதியவரிடம் கேட்பது மரியாதை இல்லை. அவர் ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருக்கக்கூடியது ஒன்றுதான் மிச்சம் இருந்தது. இப்போது கடிதம் இவ்வளவே. ஆங்கிலத்தில் எழுதியதன் தமிழ் இது:

"மதிப்புக்குரிய ஐயா, உங்கள் நூலின் நாலாவது அத்தியாயம் என்னைப் பிழை தேடுபவனாக ஆக்கியது. அதன் முதல் பயிற்சியின் விடையில், இரண்டு எண்களின் கூட்டுத்தொகைக்கு வரம்பு காட்டலாம் என்கிறீர்கள். அதை எழுதியபோது, பட்டியலின் நீளம் அதிகபட்சம் எவ்வளவு இருக்கும் என்று மனதில் வைத்திருந்தீர்கள்? ஒரே ஒரு எண்ணைப் பதிலாக எழுதினாலும் போதும். நன்றியுடன்."

நாளைக் காலை தபாலில் சேர்க்கிறேன். நீங்களும் ஒரு நூலாசிரியருக்கு எழுதுவதாக இருந்தால், உறையை ஒட்டும் முன் அந்தப் புத்தகத்தின் பயிற்சிகளையும் விடைப்பகுதியையும் ஒரு தடவை புரட்டிவிடுங்கள்.