பருவின் மேல் காயும் பூச்சும் துளைக்குள் இறங்கும் ஜெல்லும்

முகப்பருவுக்கு மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடிய பூச்சு மருந்துகளில் இரண்டு வகை அதிகம் விற்கின்றன. ஒன்று, கந்தகம், துத்தநாக ஆக்சைடு, களிமண் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ சேர்ந்த குழம்பு. பருவின் மேல் ஒரு புள்ளியாக வைத்துக் காயவிடுவது. மற்றொன்று, சாலிசிலிக் அமிலம் கலந்த தெளிந்த ஜெல். இரண்டும் கடையில் ஒரே தட்டில் இருந்தாலும் அவை வேலை செய்யும் இடமும் நேரமும் வேறு. இந்த வேறுபாடு தெரியாமல் வாங்குவதால்தான் நல்ல மருந்தும் பலருக்குப் பயன்படாமல் போகிறது.

பரு வெளியே தெரிவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே உருவாகத் தொடங்கிவிடுகிறது. ஒவ்வொரு மயிர்த்துளையோடும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி இணைந்திருக்கிறது. துளையின் உட்சுவரிலிருந்து உதிரும் இறந்த செல்கள் வெளியே வராமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, எண்ணெயோடு சேர்ந்து அடைப்பாகின்றன. அடைப்பின் வாய் திறந்திருந்தால் கறுப்பாகத் தெரியும் பிளாக்ஹெட். மூடியிருந்தால் தோல் நிறத்திலேயே சொரசொரப்பாகத் தட்டுப்படும் ஒயிட்ஹெட். அடைப்புக்குள் எண்ணெயைத் தின்று வாழும் பாக்டீரியா பெருகி, துளையின் சுவர் உடைந்து, உடல் அதை எதிர்க்கும்போதுதான் சிவப்பும் வலியும் சீழும் வருகின்றன. ஆகவே பருவுக்கு வைத்தியம் என்று சொல்லும்போது, அடைப்புக்கா, அதன் பின் வரும் அழற்சிக்கா என்று முதலில் கேட்க வேண்டும்.

பழைய வகைப் பூச்சுகளில் உண்மையான மருந்து கந்தகம்தான். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் விதிகளில், சீட்டில்லாமல் விற்கும் பரு மருந்தாக 3 முதல் 10 சதவீதம் வரை கந்தகம் ஏற்கப்பட்டுள்ளது. தோலின் மேலடுக்கில் உள்ள கெரட்டின் என்ற புரதத்தில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் நிறைய இருக்கிறது. கந்தகம் அதோடு வினைபுரிந்து சிறிதளவு ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்குகிறது. அந்த வினையில் மேலடுக்கின் பிடிப்பு தளர்ந்து தோல் மெல்ல உரிகிறது. பாக்டீரியாவும் பூஞ்சையும் ஓரளவு அடங்குகின்றன. கந்தகப் பூச்சில் வரும் முட்டை நாற்றம் இந்த வாயுவின் நாற்றம்தான். பூசிய கையோடு வெள்ளி நகையைத் தொட்டால் அது கறுத்துப்போவதற்கும் கந்தகமே காரணம்.

கந்தகத்துக்கு ஒரு பழைய கெட்ட பெயரும் உண்டு. அது பருவை அடக்குவதற்குப் பதில் புதிய அடைப்புகளை உண்டாக்குகிறது என்று 1972இல் மில்ஸ், கிளிக்மன் என்ற ஆய்வாளர்கள் எழுதினார்கள். 1978இல் ஸ்ட்ராஸ் குழுவினர் மறுபடி சோதித்துப் பார்த்தபோது அந்த முடிவு உறுதிப்படவில்லை. அதன் பிறகும் கந்தகம் விற்பனையில் நீடிக்கிறது. ஆனால் அதைத் தனி மருந்தாக வைத்து நடந்த தரமான ஆய்வுகள் மிகக் குறைவு.

துத்தநாக ஆக்சைடின் வேலை வேறு. கேலமைன் லோஷனின் வெண்மையும் இதமும் பெரும்பாலும் இதிலிருந்துதான் வருகின்றன. இளஞ்சிவப்பு நிறம் அதில் சேரும் சிறிதளவு இரும்பு ஆக்சைடால் வருவது. தோலின் மேல் படிந்து ஈரத்தை உறிஞ்சும், அரிப்பையும் எரிச்சலையும் தணிக்கும், உராய்விலிருந்து காக்கும். எஃப்.டி.ஏ. இதைத் தோல் காப்புப் பொருளாக ஏற்றிருக்கிறதே தவிர பரு மருந்தாக ஏற்கவில்லை. கயோலின், பென்டோனைட், முல்தானி மட்டி போன்ற களிமண்களின் நிலையும் ஏறத்தாழ இதுவே. அவை மேலே படர்ந்திருக்கும் எண்ணெயை உறிஞ்சுகின்றன. துளைக்குள் இறங்குவதில்லை. அதனால் களிமண் பூசிக் கழுவியதும் முகம் பளபளப்பு நீங்கி இறுக்கமாகத் தெரியும். சில மணி நேரத்தில் சுரப்பி எண்ணெயை மீண்டும் நிரப்பிவிடும். பூச்சு பாளம் பாளமாக வெடிக்கும்வரை விடுவது பலரின் பழக்கம். அந்த நிலைக்கு வரும்போது மண் தோலின் ஈரத்தையும் இழுக்கத் தொடங்கியிருக்கும். பாதி காய்ந்ததுமே, சுமார் 10 நிமிடத்தில், கழுவிவிடுவது நல்லது.

சாலிசிலிக் அமிலம் எண்ணெயில் கரையும். அதன் பலம் அனைத்தும் இந்த ஒரு குணத்தில் இருக்கிறது. எண்ணெய் நிறைந்த மயிர்த்துளைக்குள் அது இறங்கி, உட்சுவர்ச் செல்களை ஒட்டவைத்திருக்கும் இணைப்புகளைத் தளர்த்துகிறது. ஒட்டியிருந்த செல்கள் பிரிந்து உதிர, அடைப்பு மெல்ல இளகுகிறது. ஆஸ்பிரினின் உறவு என்பதால் அழற்சியையும் லேசாகத் தணிக்கும். சீட்டில்லாமல் விற்கும் பரு ஜெல்களில் 0.5 முதல் 2 சதவீதம் வரை இருக்கும், வழக்கமாக 2. கால் ஆணிக்கும் மருவுக்கும் விற்கும் சாலிசிலிக் மருந்துகளில் இதைவிடப் பல மடங்கு செறிவு உண்டு. அவற்றை முகத்தில் பூசினால் தோல் வெந்துவிடும்.

செறிவு மட்டும் பார்த்தால் போதாது. அமிலத்தன்மையும் கணக்கில் வரும். அமிலம் பிரியாத வடிவில் இருக்கும்போதுதான் தோலுக்குள் நன்றாக நுழைகிறது. பி.எச். 3 அளவில் சாலிசிலிக் அமிலத்தில் ஏறத்தாழ பாதி இந்த வடிவில் இருக்கும், பி.எச். 5 ஆனால் நூற்றில் ஒரு பங்குதான். எனவேதான் தரமான ஜெல்கள் பி.எச். 3 முதல் 4 வரை வைத்துத் தயாரிக்கப்படுகின்றன. துத்தநாக ஆக்சைடு காரத்தன்மை உடையது. சாலிசிலிக் ஜெல் பூசிய கையோடு அதன் மேல் கேலமைன் லோஷனைத் தடவினால் அமிலத்தின் ஒரு பகுதி துத்தநாக உப்பாக மாறி வலுவிழக்கும். இரண்டும் நல்ல மருந்து, சேர்ந்தால் இரட்டைப் பலன் என்று நினைத்து இப்படிச் செய்பவர்கள் நிறைய. ஒன்றைக் காலையிலும் மற்றொன்றை மாலையிலும் வைத்துக்கொள்வதே சரி.

சாலிசிலிக் அமிலம் கலந்த ஃபேஸ்வாஷும் ஜெல்லும் ஒன்றல்ல. ஃபேஸ்வாஷ் ஒரு நிமிடம்கூட முகத்தில் தங்குவதில்லை. ஜெல் இரவு முழுவதும் இருக்கிறது.

ஓர் உதாரணம். நெற்றி முழுவதும் தோல் நிறத்தில் சிறு முடிச்சுகளும், தாடையில் வலியோடு சீழ் கோத்த ஒரே ஒரு சிவந்த பருவும் உள்ள கல்லூரி மாணவியை எடுத்துக்கொள்ளலாம். தாடைப் பருவுக்கு கந்தகமோ கேலமைனோ கலந்த பூச்சைப் படுக்கும்முன் ஒரு புள்ளியாக வைத்துக் காலையில் கழுவினால் போதும். ஈரம் வற்றி, சிவப்பு சற்றுக் குறைந்து, ஓரிரு நாளில் அது அமுங்கியதாகத் தெரியும். ஆனால் இத்தகைய ஒற்றைப் பரு எதையும் பூசாவிட்டாலும் ஒரு வாரம் பத்து நாளில் தானாகவே வடியும். பெருமையைக் கடைசியாகப் பூசிய மருந்து வாங்கிக்கொள்கிறது. பருவின் மேல் பூசும் எதையும் மதிப்பிடும்போது இதை மறக்கக் கூடாது.

நெற்றிக்கு அந்தப் பூச்சு உதவாது. அங்கே உள்ளது அடைப்பு. 2 சதவீத ஜெல்லை முடிச்சு முடிச்சாகத் தேடி வைக்காமல், கழுவித் துடைத்து உலர்ந்த நெற்றி முழுவதும் மெல்லியதாகத் தடவ வேண்டும். ஏனெனில் கண்ணுக்குத் தெரியாத அடைப்புகள் தெரிவனவற்றுக்கு இடையிலேதான் இருக்கின்றன. முதல் வாரம் ஒன்றுவிட்டு ஒரு நாள் இரவில் மட்டும். எரிச்சல் இல்லையென்றால் தினமும். பலன் தெரிய 6 முதல் 8 வாரங்கள் ஆகும். மூன்றாம் நாளே மாற்றம் தேடி மருந்தை மாற்றிக்கொண்டே இருப்பவர்களுக்கு எந்த ஜெல்லும் வேலை செய்ய வாய்ப்பில்லை. தலைக்குத் தடவும் எண்ணெய் நெற்றிக்கு இறங்கினாலும் இதே முடிச்சுகள் வரும். அதை நிறுத்தாமல் ஜெல் மட்டும் பூசுவது வீண்.

அந்த முடிச்சுகள் எல்லாம் ஒரே அளவில் இருந்து அரிக்கவும் செய்தால் கதை வேறு. அது மலாசேசியா என்ற பூஞ்சையால் மயிர்த்துளைகளில் வரும் அழற்சியாக இருக்கலாம். மார்பிலும் முதுகிலும் பரவியிருந்தால் சந்தேகம் வலுக்கிறது. பூஞ்சையை அடக்கும் குணம் இருப்பதால் கந்தகம் இங்கே சாலிசிலிக் அமிலத்தைவிடப் பொருத்தமாக அமையக்கூடும். ஆனாலும் மருத்துவர் பார்த்து உறுதி செய்வதே சரி.

அமெரிக்கத் தோல் மருத்துவர் கழகத்தின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சாலிசிலிக் அமிலத்தை நிபந்தனையோடு பரிந்துரைக்கிறது. கந்தகத்தைப் பற்றிச் சொல்லப் போதிய சான்று இல்லை என்கிறது. வலுவான பரிந்துரை பெற்றவற்றில் பென்சாயில் பெராக்சைடும் ரெட்டினாய்டு வகை மருந்துகளும் அடங்கும். அதாவது இங்கே ஒப்பிடப்படும் இரண்டு வகையுமே லேசான பருவுக்கு உரியவை.

அளவு மீறினால் இரண்டும் ஒரே வகைத் தீங்கைத்தான் செய்கின்றன. மூக்கோரமும் வாயோரமும் செதில் செதிலாக உரிவது, தண்ணீர் பட்டாலே எரிவது, சிவப்பு இறங்காமல் இருப்பது ஆகியவை முதல் அடையாளங்கள். மாநிற, கரிய தோலில் இந்த எரிச்சல் பழுப்புத் தழும்பாகப் படிந்து மாதக்கணக்கில் நிற்கும். பரு போன பிறகும் கறை போகவில்லை என்று வருந்துபவர்களில் பலருக்கு அந்தக் கறையில் ஒரு பங்கு மருந்தால் வந்தது. இந்த அடையாளங்கள் தெரிந்ததும் எல்லாவற்றையும் நிறுத்தி, தோல் ஆறும்வரை சாதாரண ஈரப்பதக் கிரீம் மட்டும் பூச வேண்டும்.

சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் கந்தகத்துக்கும் பயப்படுகிறார்கள். சல்ஃபா மருந்துகள் வேறு வகை வேதிப்பொருள். அவற்றுக்கு ஒவ்வாமை இருப்பதால் தனிமக் கந்தகம் ஒவ்வாமல் போகும் என்று பொருளில்லை. ஆனால் ஆஸ்பிரின் ஒவ்வாதவர்கள் சாலிசிலிக் ஜெல்லைத் தவிர்ப்பதே பாதுகாப்பு. கர்ப்பிணிகளும் அதை உடலில் பரந்த இடத்தில் பூசக் கூடாது. சாலிசிலிக் அமிலமோ பென்சாயில் பெராக்சைடோ உள்ள பரு மருந்துகளால் அபூர்வமாகக் கடுமையான ஒவ்வாமை வரலாம் என்று 2014இல் எஃப்.டி.ஏ. எச்சரித்தது. புதிதாக வாங்கியவர்கள் முதல் 3 நாட்கள் ஒன்றிரண்டு சிறு இடங்களில் மட்டும் பூசிப் பார்க்க வேண்டும். தொண்டை இறுகினாலோ, மூச்சுத் திணறினாலோ, முகமோ உதடோ வீங்கினாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

தோலுக்கு ஆழத்தில் கட்டியாக அமர்ந்து அழுத்தினால் வலிக்கும் பருவுக்கு இரண்டு வகையுமே எட்டாது. அது குழியாக ஆறும் தன்மையுள்ளது. 8 வாரம் ஜெல் பூசிக் காத்திருக்காமல் முதலிலேயே தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டிய வகை அது.