ஒரே காய்ச்சல் மருந்து... மூன்று பாட்டில்... மூன்று அளவு!

குழந்தைகளுக்கான பாராசிட்டமால் திரவ மருந்து, கடையில் ஒரே வீரியத்தில் கிடைப்பதில்லை. ஒரு சிரப்பில் 5 மி.லி.க்கு 120 மில்லிகிராம் மருந்து இருக்கும். இன்னொன்றில் அதே 5 மி.லி.க்கு 250 மில்லிகிராம். கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்திலோ 1 மி.லி.யிலேயே 100 மில்லிகிராம்! சின்ன பாட்டில்தானே, மருந்தும் லேசாக இருக்கும் என்று நினைத்தால் தப்பு. மூன்றிலும் வீரியம் அதிகம் அதற்குத்தான்.

கடம்பூர் மலையிலிருந்து சத்தியமங்கலம் அரசு மருத்துவமனைக்குக் காய்ச்சலோடு ஒரு குழந்தை வருவதாக வைத்துக்கொள்வோம். "ரெண்டு வயசாச்சுங்க சிஸ்டர்" என்கிறார் அம்மா. பயிற்சிக்கு வந்திருக்கும் நர்ஸிங் மாணவிக்கு வயது மட்டும் போதாது. ஒரே வயதில் ஒரு குழந்தை 9 கிலோவும் இன்னொன்று 13 கிலோவும் இருக்கலாம். அதனால் முதலில் எடை பார்க்க வேண்டும்.

கணக்கு இரண்டே படிதான்

குழந்தையின் எடை 12 கிலோ. டாக்டர் எழுதியிருப்பது, ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம். 12 × 15 = 180 மில்லிகிராம். இது முதல் படி.

அடுத்து, கையில் இருக்கும் பாட்டிலின் லேபிளைப் படித்து, 1 மி.லி.யில் எவ்வளவு மருந்து என்று பார்க்க வேண்டும். 120 சிரப் என்றால் 120 ÷ 5 = 24 மில்லிகிராம். ஆக, 180 ÷ 24 = 7.5 மி.லி. தர வேண்டும். 250 சிரப் என்றால் 180 ÷ 50 = 3.6 மி.லி. சொட்டு மருந்து என்றால் 1.8 மி.லி. போதும்.

எங்கே தப்பு நடக்கும்?

'ஏழரை மி.லி.' என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு பாட்டிலை மாற்றினால் ஆபத்து. 7.5 மி.லி. சொட்டு மருந்தில் 750 மில்லிகிராம் இருக்கிறது. இந்தக் குழந்தைக்கு ஒரு நாள் முழுக்கவே கிலோவுக்கு 60 வீதம் 720 மில்லிகிராம்தான் உச்ச வரம்பு. அது ஒரே வாயில் உள்ளே போய்விடும்! அமெரிக்காவில் இப்படிப்பட்ட குழப்பத்தைத் தவிர்க்கத்தான், குழந்தைகளுக்கான பாராசிட்டமால் திரவத்தை ஒரே வீரியத்தில் தயாரிக்க 2011-ல் முடிவெடுத்தார்கள்.

தப்பைக் கண்டுபிடிக்கத் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும். ஊற்றிய மி.லி.யை 1 மி.லி.யில் உள்ள மில்லிகிராமால் பெருக்கி, எடையால் வகுக்க வேண்டும். 7.5 × 24 ÷ 12 = 15. டாக்டர் எழுதிய எண்ணே வந்தால் சரி. சொட்டு மருந்து என்றால் 62.5 என்று வந்து காட்டிக்கொடுத்துவிடும்.

வீட்டிலும் சமையலறை ஸ்பூன் வேண்டாம். மருந்தோடு வரும் அளவுக் கோப்பை அல்லது ஊசியில்லாத சிரிஞ்ச் போதும். அளவு கூடிப்போனால் கல்லீரல்தான் பாதிக்கும். முதல் நாளில் குழந்தை நன்றாகவே தெரியலாம். அறிகுறிக்காகக் காத்திருக்காமல் பாட்டிலோடு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். மாற்று மருந்து உண்டு; முதல் 8 மணி நேரத்துக்குள் தந்தால் அது நன்றாக வேலை செய்யும்.